நாலு, ஆறு, பன்னிரண்டு

மேல்மலை விவசாயிகளில் தேவகுமாரியின் முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவள் குரலைக் கேட்காத வீடு கிடையாது. பூம்பாறையிலிருந்து ஒருவர் போன் போட்டு, "ஆத்தா, இது என்னமோ வட்டமா சுத்திக்கிட்டே கெடக்கு" என்பார். "சுத்தட்டும் பெரியப்பா, அது விலையத் தேடிப் போயிருக்கு. நீங்க ஒன்னையும் தொடாதீங்க" என்பாள். அவரும் தொடமாட்டார். தொடாமல் உட்கார்ந்திருந்தால் விலை வந்துவிடும். அதனால் அவளுக்கு மேல்மலையில் ஒரு வைத்தியச்சிக்கு உள்ள மரியாதை இருந்தது.

செண்பகனூரில் ரோட்டோரமாக ஒரு மாடி அறை. அதுதான் ஆபீஸ். ராஜ்மோகன் என்ற இளைஞன் சென்னைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து அங்கே உட்கார்ந்துகொண்டு, பட்டன் போனில் ஓடுகிற ஒரு ஆப் செய்திருந்தான். பெயர் 'மூடை'. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இன்றைக்குப் பீன்ஸ் என்ன விலை, காரட் என்ன விலை என்று அது சொல்லும். அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் அந்த விலை லாரிக்காரர் திரும்பி வந்து சொன்னால்தான் உண்டு. அவரும் சொல்ல மனசு வந்தால்தான் சொல்வார்.

ஆப்பைச் செய்தது ராஜ்மோகன். அதை ஊருக்குள் ஓட வைத்தது தேவகுமாரி. அவள் முன்பு ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தவள். எதிரில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது என்று எரிச்சல்படாமல், அவருக்குத் தெரியாததை மட்டும் எடுத்துச் சொல்லத் தெரிந்தவள். "பட்டியல்ல ரெண்டாவது வரிக்குப் போங்க" என்றெல்லாம் சொல்லி நேரத்தை வீணாக்கமாட்டாள். "ரெண்டைத் தட்டுங்க" என்பாள். "தட்டிட்டீங்களா? இப்ப அஞ்சு. நான் சொல்ற எண்ணை மட்டும் தட்டுங்க. வேற எதையும் தொடாதீங்க." இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் இரண்டு வருஷமாக, ஒரு நாளைக்கு எத்தனை முறையோ சொல்லியிருப்பாள். அது இப்படித் திரும்பி வந்து நிற்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அவள் புருஷன் மாடசாமி வளைவுமேட்டில் குத்தகை நிலத்தில் பீன்ஸ் போடுகிறவன். இருவருடைய பெற்றோரும் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள்தான். வளைவுமேட்டுக்கு ஒரு சாபம் இருந்தது. லாரி மேலே பூம்பாறைப் பக்கம் கிளம்பி, ஒவ்வொரு நிறுத்தமாக மூடைகளை ஏற்றிக்கொண்டு, கடைசியாகத்தான் இங்கே வரும். வரும்போதே கூம்பு வைத்துக் கயிறு கட்டியிருக்கும். டிரைவர் மணியன் ஜன்னல் வழியாகக் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவான். வாரத்தில் பாதி நாள் இதே கதை. பீன்ஸ் காரட் மாதிரி பொறுமையான காய் இல்லை. ஒரு நாள் சாக்கில் கிடந்தால் வாடிவிடும், இரண்டாம் நாள் மாட்டுக்குத்தான்.

காலையில் ஆபீஸுக்குப் போகத் தேவகுமாரி பஸ் ஏறுகிற இடமும் அதே வளைவுதான். லாரியில் ஏறாத மூடைகள் ரோட்டோரம் கிடக்கும். அவற்றின் மேல் மாடசாமி உட்கார்ந்திருப்பான். இவள் அந்த மூடைகளைத் தாண்டித்தான் படியில் கால் வைக்க வேண்டும். "மூடையில கால் இடறாம வாங்கக்கா" என்று கண்டக்டர் ஞானவேல் கை கொடுப்பான். ஊருக்கெல்லாம் பீன்ஸ் விலை சொல்லப் போகிறவள் சொந்தப் பீன்ஸைத் தாண்டிக்கொண்டு போகிற கூத்து அவளுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அதனால்தான் லாரியைப் பற்றி ராஜ்மோகனிடம் அவளாகவே பேச்செடுத்தாள். "சார், முந்தின நாள் சாயங்காலமே யார் யாருக்கு எத்தனை மூடைன்னு லாரிக்குத் தெரிஞ்சா, கடைசி ஆளுக்கும் இடம் விட்டு ஏத்தலாம்ல? பத்தலைன்னா இன்னொரு வண்டி சொல்லலாம்ல?" ராஜ்மோகனுக்குப் பொறி தட்டியது. சில வாரம் உட்கார்ந்து செய்து முடித்துவிட்டான். ஆப்பைத் திறந்தால் பட்டியல் சர்வரிலிருந்துதான் வரும் என்பதால், யாரும் போனில் எதையும் புதிதாக ஏற்ற வேண்டியதில்லை. விலை, மழை, உரம் என்ற மூன்று வரிகளுக்குக் கீழே நாலாவதாக 'லாரி' என்று தானாகவே வந்து நிற்கும். நாலைத் தட்டினால் நிறுத்தங்கள் வரும். உங்கள் நிறுத்தத்தின் எண்ணைத் தட்டினால் எத்தனை மூடை என்று கேட்கும். எண்ணைப் போட்டு நடு பட்டனை அமுக்கினால் முடிந்தது.

லாரி முதலாளி திருமலைச்சாமி சம்மதித்தார். சம்மதம் என்றால் முழுச் சம்மதம் இல்லை. "ஆப் வெச்சிருக்கவகள்ல பாதிப் பேராவது சொல்லணும். நாலு பேர் சொல்லி நாப்பது பேர் சொல்லாம இருந்தா, நான் யாருக்குன்னு இடம் விட? ஒரு நாள் பாப்பேன். சரிப்படலைன்னா பழைய வழிதான்."

ஆகவே ஒரே சாயங்காலத்தில் எல்லாருக்கும் தெரியவேண்டும். அதற்கு மலையில் ஒரே வழி சைஃபுல்லா பாயின் கேபிள் சேனல். மேல்மலை ஊர்கள் வரைக்கும் அவர் கம்பி இழுத்திருந்தார். ராத்திரிப் படத்துக்கு முன்னால் விளம்பரம் போடுவார். ஒரு விளம்பரத்துக்குப் பதினைந்து வினாடி. பதினாறாவது வினாடியில் அடுத்த கடைக்காரர் வந்துவிடுவார். போன தீபாவளிக்கு ஒரு ஜவுளிக்கடை முதலாளி, "அனைவரும் வருக, வந்து" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனதை ஊரே பார்த்துச் சிரித்தது.

ராஜ்மோகன் எழுதிக்கொண்டு வந்த வாசகத்தை பாய் தன் கடையில் உட்கார்ந்து ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். "தம்பி, நீங்க வணக்கம் சொல்லி, கம்பெனி பேரைச் சொல்லி, விவசாயப் பெருங்குடி மக்களேன்னு கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள நம்ம நேரம் முடிஞ்சுது. போனைக் காட்டவே இல்லை."

தேவகுமாரியும் சொன்னாள். "பாக்கப்போறவங்க எல்லாரும் ஏற்கெனவே மூடை ஆப் வெச்சிருக்கறவங்க சார். மூடைன்னா என்னன்னு அவங்களுக்கே எதுக்குச் சொல்லிக்கிட்டு? புதுசா என்ன வந்திருக்கு, எதைத் தட்டணும். அது போதும்."

ராஜ்மோகன் பாதி இறங்கி வந்தான். வாசகத்தை விட்டுக்கொடுத்தான், கம்பெனி சின்னத்தை விடவில்லை. நெல்மணி மாதிரி ஒரு மூடை சுழன்று வந்து நிற்கும். அதை வரைய அவன் ரொம்பப் பாடுபட்டிருந்தான். அது கடைசியில் வந்தே ஆகவேண்டும் என்றான். சின்னம் வந்தால் நாலு வினாடி போய்விடும். மீதியில் தட்டுவதைக் காட்டவேண்டும். "உங்கள் நிறுத்தம் எதுவோ அதைப் பார்த்து" என்ற வார்த்தைகள் முதலில் வெட்டுப்பட்டு விழுந்தன. அடுத்து "உங்கள் மூடை எத்தனையோ அத்தனை" விழுந்தது. விழுந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. படத்தில்தான் தெரிகிறதே என்று தேவகுமாரியும் சும்மா இருந்துவிட்டாள்.

பாய் கல்யாண வீடு எடுக்கிற கேமராவைக் கிட்டத்தில் வைத்துப் பிடித்தார். போனைப் பிடித்த கையும் பேசிய குரலும் தேவகுமாரியுடையவை. எந்த நிறுத்தம் என்று யோசிக்கவே இல்லை, கை தன்பாட்டுக்கு வளைவுமேட்டுக்குப் போனது. அது ஆறாவது. "மூடையில் புதுசா லாரி வந்திருக்கு. திறங்க. நாலைத் தட்டுங்க. ஆறைத் தட்டுங்க. பன்னிரண்டு. நடு பட்டன். உங்க இடம் ரெடி." பிறகு சின்னம் சுழன்றது. பதினைந்து வினாடிக்குள் எல்லாம் கச்சிதமாக முடிந்தது. பாயே சபாஷ் போட்டார்.

அன்று ராத்திரிப் படத்துக்கு முன்னால் அது ஓடியது. ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் ராஜ்மோகனும் தேவகுமாரியும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒன்று வந்தது. பிறகு இரண்டு, மூன்று. அப்புறம் அடைமழை மாதிரி கொட்டியது. ராஜ்மோகன் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தான். "பாதிப் பேர் கேட்டாரு, முக்கால்வாசிப் பேர் வந்துட்டாங்கக்கா!"

தேவகுமாரி சந்தோஷமாகத் திரையைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது.

"சார், இதென்ன எல்லாரும் ஆறாம் நம்பர்?"

ராஜ்மோகன் குனிந்து பார்த்தான். எல்லோரும் வளைவுமேடு. எல்லோருக்கும் பன்னிரண்டு மூடை. மேல் மூலையில் இருக்கிறவர், நடுவில் இருக்கிறவர், அறுவடை முடிந்து நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறவர், எல்லோரும் ஒருமனதாக வளைவுமேட்டில் பன்னிரண்டு மூடை ஏற்றப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களை நம்பி லாரியை அனுப்பினால் அத்தனை பேர் சரக்கும் மாடசாமி வாசலில்தான் இருக்கவேண்டும்.

ஏதோ மென்பொருள் கோளாறு என்று ராஜ்மோகன் வியர்த்துப்போய் நோண்ட ஆரம்பித்தான். தேவகுமாரி போனை எடுத்துப் பூம்பாறைக் குஞ்சம்மாளைக் கூப்பிட்டாள். குஞ்சம்மாள் வாரம் நாலு தடவை போன் பண்ணிச் சந்தேகம் கேட்கிறவள். 'மூடை' ஆப் வைத்திருப்பவர்களில் மூத்த வாடிக்கைக்காரி.

"அத்தை, லாரிக்குச் சொன்னீங்களா?"

"வெரசாச் சொல்லிட்டன்ல! டி.வி.ல உங்குரல் கேட்டதுமே போனைத் தூக்கிட்டேன். நாலுன்னே, தட்டுனேன். ஆறுன்னே, தட்டுனேன். பன்னெண்டுன்னே, ஒன்னையும் ரெண்டையும் தட்டுனேன். தப்பா?"

"உங்களுக்கு அஞ்சு மூடைதான அத்தை இருக்கும்? ஏறுறது பூம்பாறைலதான?"

"ஆமா. அதுக்கு? நீதானத்தா சொல்லுவ, நான் சொல்ற எண்ணை மட்டும் தட்டு, வேற எதையும் தொடாதேன்னு. இதுவரைக்கும் நீ சொன்னதைத் தட்டி ஒன்னும் கெட்டுப்போகலையே. ஆமா, ஊருச் சரக்கெல்லாம் உம்புருசன் வாசலுக்கா வரச் சொல்ற?"

போனை வைத்துவிட்டுத் தேவகுமாரி தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கும்போது கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. ஒரு ஊரே தன் பேச்சை இப்படி நம்புகிறதே என்று ஒரு பக்கம் பூரிப்பு. அந்த நம்பிக்கையாலேயே நாளைக்கு மாடசாமியின் பீன்ஸ் ரோட்டில் கிடக்கப்போகிறதே என்று மறுபக்கம் வேதனை. திருமலைச்சாமிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் அரை நிமிஷம் சிரித்தார். பிறகு கறாராகச் சொன்னார். "நாளைக்கு வண்டி பழைய மாதிரிதாம்மா போகும். சனங்க போனைத் தூக்குறாங்கன்னு தெரிஞ்சு போச்சு, அதுக்காக இன்னும் ஒரே ஒரு நாள். அதுலயும் இப்படிக் கூத்தடிச்சா என்னைக் கேக்காதீக."

மறுநாள் காலையில் மணியன் கையை விரித்துவிட்டுப் போனான். எட்டு மூடை பீன்ஸ் ரோட்டோரம் நின்றது. மாடசாமி அவற்றை ஒவ்வொன்றாக நிழலுக்கு இழுத்துப் போட்டான். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏங்க, இன்னிக்கு வெள்ளனே சோலிய முடிச்சிட்டு பாய் கடைக்கு வாரீங்களா?" என்று கேட்டாள். ஏன் என்று அவளுக்கே அப்போது தெரியாது. அவன் அங்கே இருந்தால் தேவலை என்று பட்டது.

பாய் கடையில் ராஜ்மோகன் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். "நம்பரே சொல்லாம எடுப்போமா? நம்பர் போடற பெட்டி காலியா இருக்கட்டும்" என்றான். எடுத்துப் பார்த்தார்கள். திரையில் வெறும் பெட்டி மினுக்கியது. கட்டைவிரல் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. பார்க்கிறவருக்கு, போன் மாட்டிக்கொண்டது போலத்தான் தெரியும். காட்டாவிட்டால் புரியாது. காட்டினால் அதையே செய்வார்கள். இதென்னடா வம்பு என்று மூவரும் விழித்தார்கள்.

பாய்க்கு வேறு வேலை கிடந்தது. முந்தின வாரம் எடுத்த ஒரு நிக்காஹ் படத்தைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். திரை நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் பெண் வீடு, அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டு தூக்குகிறார்கள். இங்கே பழம், அங்கே பூ. தேவகுமாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அம்மா அடிக்கடி சொல்கிற இலங்கைத் தோட்டத்துப் பிரட்டு, அந்தக் காலை ஆள்கணக்கு, ஞாபகம் வந்தது. காலையில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். களத்தில் நூறு பேர் நின்றாலும் அவரவர் பெயருக்குத்தான் அவரவர் கை தூக்குவார்கள்.

"பாய், இதே மாதிரி ரெண்டு போனை ஒரே நேரத்துல காட்ட முடியுமா?"

"என்ன தங்கச்சி இப்படிக் கேட்டுட்ட! மூனுகூடக் காட்டுவேன். சுத்தி ரோஜாப்பூ வைக்கவா?"

"பூவெல்லாம் வேண்டாம் பாய். ரெண்டு கை. ஒன்னு என்னோடது. இன்னொன்னு..." வாசலில் மாடசாமி வந்து நின்றான். "அந்தா, அவரோடது."

மாடசாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பீன்ஸ் பறித்துப் பறித்துக் கறையேறிய கட்டைவிரல். அதை டி.வி.யில் காட்டுவதா என்று சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான், போகவில்லை. விரல் அகலம் வேறு. அவன் தட்டினால் பட்டன் இருக்கிற இடமே தெரியவில்லை. "தட்டிட்டு விரலைத் தூக்குங்க. என்ன தட்டினீங்கன்னு தெரியணும்ல" என்றாள். மூன்று தடவை தட்டுகிற வேகத்தில் போனையே கீழே போட்டான். நாலாவது தடவை சரியாக வந்தது.

இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் நாலு. அடுத்து அவள் பக்கம் நிறுத்தம் இரண்டு, அவன் பக்கம் ஆறு. அடுத்து அவள் பக்கம் ஐந்து மூடை, அவன் பக்கம் ஒன்பது. கடைசியில் இரண்டு பக்கமும் நடு பட்டன். மாறாத இடத்தில் விரல்கள் ஒன்றுபோல் போயின, மாறுகிற இடத்தில் தனித்தனியே போயின. பார்த்தாலே விளங்கியது.

இதற்குக் குரல் பேச இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. தேவகுமாரி ராஜ்மோகனைப் பார்த்தாள். அவன் பெருமூச்சு விட்டான். "சின்னம் வேண்டாங்கக்கா. எடுத்துருங்க. அவங்க தினமும் ஆப்பைத் திறக்கறப்ப பாக்கறதுதானே." அதைச் சொல்ல அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். அவள் மனசு குளிர்ந்துபோனது.

கிடைத்த நாலு வினாடியை அவள் வீணாக்கவில்லை. "நேத்து நான் சொன்னதை மறந்துருங்க. எல்லாரும் நாலு. அப்புறம் அவங்கவங்க நிறுத்தம். அவங்கவங்க மூடை. எல்லாரும் நடு பட்டன். அவ்வளவுதான்." பாய் நேரம் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அரை வினாடி மிச்சம் என்றார். அதில் ஒரு ரோஜாப்பூவாவது வைக்கலாமே என்று அவருக்கு ஏக்கம்.

படத்துக்கு முன்னால் ஓடியது. முந்தின நாளைப் போல உடனே கொட்டவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் தேவகுமாரி நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு ஒன்று வந்தது. மூன்றாம் நிறுத்தம், ஏழு மூடை. இன்னொன்று, முதல் நிறுத்தம், இருபது. ஏன் தாமதம் என்று அப்போதுதான் புரிந்தது. முன்தினம் யாரும் யோசிக்கவில்லை. இன்றைக்கு வெளியே போய் மூடையை எண்ணிவிட்டு வந்து தட்டுகிறார்கள்! பூம்பாறை, ஐந்து என்று ஒன்று வந்தது. "குஞ்சம்மாள் அத்தை" என்று தேவகுமாரி வாய்விட்டுச் சொன்னாள். கடைசியில் வளைவுமேடு, எட்டு என்று வந்தது. டி.வி.யில் ஒன்பது தட்டியவன் வீட்டில் உட்கார்ந்து தன் மூடையை எண்ணித் தட்டியிருக்கிறான்.

ராஜ்மோகன் நிறுத்தவாரியாகக் கூட்டி மணியனுக்கு மெசேஜ் அனுப்பினான். சரக்கு ஒரு வண்டிக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. திருமலைச்சாமி கூடுதலாக ஒரு சின்ன வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, போனை வைக்கும்போது, "பரவால்லம்மா" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

மறுநாள் விடியும்போதே மாடசாமி மூடைகளோடு வளைவுக்குப் போய்விட்டான். தேவகுமாரி சமையலை முடித்து, டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வளைவுக்கு வந்தாள். பனி இன்னும் விலகவில்லை. மூடை கிடக்கிற இடத்தை அவள் முதலில் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் பழக்கத்தில் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், மூடையைத் தாண்ட வேண்டுமே என்று.

பஸ் வந்து நின்றது. ஞானவேல் படியில் நின்று பழக்கத்தில் கையை நீட்டினான்.

"மூடையில கால் இடறாம வாங்கக்..." பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தான். சக்கரத் தடமும் நாலைந்து பீன்ஸும்தான் கிடந்தன. "மூடை எங்கக்கா?"

"லாரில போயிருச்சு" என்றாள் தேவகுமாரி. சேலையை விட்டுவிட்டு, எதையும் தாண்டாமல், நேராகப் படியில் கால் வைத்து ஏறினாள்.